இடது கண்ணுக்கு மூன்று மாதச் சம்பளம்

அந்த அச்சகத்தில் அவருக்குக் கழுகு என்று பேர். முகத்துக்கு நேராக யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. எதிரே வந்தால் "மேடம்", நாலடி தள்ளிப் போனால் கழுகு. அவருக்கும் அது தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொண்டதில்லை.

மருந்துக் கம்பெனிகளுக்கு அட்டைப்பெட்டி அடித்துக் கொடுக்கும் அச்சகம் அது. மாத்திரைப் பட்டையோ சிரப் பாட்டிலோ உள்ளே போய் உட்காருமே, அந்தச் சின்னப் பெட்டிகள். அச்சாகி, கட்டிங் மெஷினில் வெட்டுப்பட்டு வந்த அட்டைகள் கடைசியாக அவர் மேஜைக்கு வரும். வெள்ளை விளக்குக்குக் கீழே கட்டுக் கட்டாக விசிறிபோலப் பிரித்துப் பார்ப்பார். எழுத்து தேய்ந்திருக்கிறதா, நிறம் மாறியிருக்கிறதா, மருந்தின் அளவு சரியாக இருக்கிறதா என்று பார்த்து, ஒரே ஓட்டத்தில் அடித்த தொகுதியான ஒவ்வொரு லாட்டுக்கும் உரிய அட்டையில் கையெழுத்துப் போடுவார். அந்தக் கையெழுத்து விழாமல் ஒரு பெட்டியும் லாரி ஏறாது. ஐந்நூறு மில்லிகிராமில் ஒரு பூஜ்யம் பாதி அழிந்திருந்ததை ஒருமுறை எண்பதாயிரம் பெட்டிகளுக்கு நடுவே பிடித்தார். அதிலிருந்துதான் கழுகு.

பத்தொன்பது வருடமாக அடுத்தவர் வேலையில் குற்றம் கண்டுபிடிப்பதே வேலையாக இருந்தவருக்கு, சாப்பாட்டு நேரத்தில் பக்கத்து நாற்காலி காலியாக இருந்ததில் ஆச்சரியமில்லை. அவர் திருப்பி அனுப்பும் ஒவ்வொரு கட்டும் யாரோ ஒருவருடைய ஓவர்டைமைத் தின்றுவிடும். பேச்சு வாங்கியவர்கள் வந்து அரட்டை அடிப்பார்களா என்ன. அவரும் டிபன் டப்பாவைத் திறந்தோமா, சாப்பிட்டோமா, கழுவினோமா என்று இருந்துவிடுவார்.

வீட்டிலும் அதே கதைதான். மாடியில் ஒரு அறை, ஒரு சமையலறை. அம்மா இருந்தவரை அவரைப் பார்த்துக்கொள்ளவே நேரம் போதவில்லை. கல்யாணப் பேச்சு இரண்டு முறை வந்தது, இரண்டு முறையும் பேச்சோடு நின்றது. அம்மா போய் மூன்று வருடம் ஆகிறது. ஒரே தம்பி வெளியூரில் மனைவி, இரண்டு பெண்களோடு இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவான். "சாப்பிட்டியாக்கா?" என்பான். "ஆச்சு" என்பார். அடுத்து என்ன பேசுவது என்று இரண்டு பேருக்கும் தெரியாது.

பண்டிகை விடுமுறையாக இருந்த ஒரு புதன்கிழமை காலை, பல் தேய்க்கும்போது இடது கண்ணில் கறுப்புப் பொட்டுகள் மிதப்பதைப் பார்த்தார். மை தெளித்த மாதிரி. கண்ணைக் கழுவினார், போகவில்லை. அன்று மாலை, இருட்டில் தலையைத் திருப்பும்போதெல்லாம் ஓரத்தில் பளிச் பளிச்சென்று வெளிச்சம் வெட்டியது. தூக்கம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டார். வியாழனும் வெள்ளியும் வேலைக்குப் போனார். பொட்டுகள் அட்டையின் மேலும் மிதந்தன. மிதப்பது எது, அச்சில் இருப்பது எது என்று பார்க்க ஒவ்வொரு அட்டையையும் லேசாக ஆட்டிப் பார்த்தார். ஆட்டினால் கூடவே நகர்வது அச்சுப் பிழை, நகராதது கண்ணில் இருப்பது. இப்படி ஒரு கணக்கு வைத்துக்கொண்டு அந்த இரண்டு நாளில் நான்கு லாட்டுகளுக்குக் கையெழுத்துப் போட்டார்.

யாரிடமும் சொல்லவில்லை. கண் போனால் அந்த மேஜையும் போய்விடும் என்பது அவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சனி, ஞாயிறு விடுமுறை. ஞாயிறு மாலை இடது கண்ணின் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு நிழல் நின்றது. அன்று தம்பி போன் பண்ணியபோதும் "ஆச்சு" என்றுதான் சொன்னார். திங்கள்கிழமை காலை எழுந்தபோது நிழல் இன்னும் கொஞ்சம் உள்ளே வந்திருந்தது. அன்று லீவு சொல்லிவிட்டுக் கண் மருத்துவமனைக்குப் போனார்.

சொட்டு மருந்து விட்டு, கண்மணி விரிந்ததும், டாக்டர் வெகுநேரம் உள்ளே வெளிச்சம் அடித்துப் பார்த்தார். சின்ன வயது அம்மா அவர். பேச்சில் அவசரமில்லை.

"விழித்திரை கிழிஞ்சு, சுவத்துல ஒட்டின காகிதம் உரியற மாதிரி உரிஞ்சுட்டு வருது. நடுப்பகுதி இன்னும் ஒட்டியிருக்கு. அது உரியறதுக்குள்ள ஆபரேஷன் பண்ணிடணும். புதன்கிழமை காலைல பண்ணலாம்."

"அதுக்கப்புறம்னா?"

"அதுக்கப்புறம்னாலும் ஒட்டவைக்கலாம். ஆனா படிக்கற பார்வை பழையபடி வர்றது கஷ்டம். நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

சொன்னார். டாக்டர் சீட்டில் தேதியை எழுதிக்கொண்டே, "அப்ப புதன்கிழமையே வந்துடுங்க" என்றார்.

ஆபரேஷனுக்குப் பிறகு கண்ணுக்குள் வாயுக் குமிழி ஒன்றை வைப்பார்களாம். அது விழித்திரையை அழுத்திப் பிடித்துக்கொள்ள, ஒரு வாரம் பெரும்பாலான நேரம் முகத்தைக் குப்புற வைத்திருக்க வேண்டும். கூட ஆள் வேண்டும். கவுன்ட்டரில் செலவு மதிப்பீடு எழுதிக் கொடுத்தார்கள். படித்துப் பார்த்தார். அவர் கைக்கு வரும் சம்பளத்தில் நாலரை மாதத்துக்கு ஆகும் தொகை.

கம்பெனி எடுத்துவைத்த காப்பீடு உண்டு. ஆனால் அதன் பட்டியலில் இந்த மருத்துவமனை இல்லை. பட்டியலில் இருந்த மருத்துவமனைக்கு அங்கிருந்தே போன் பண்ணிக் கேட்டார். விழித்திரை டாக்டர் வெள்ளிக்கிழமைதான் வருவாராம். இங்கேயே செய்துகொண்டால் முதலில் கையிலிருந்து கட்டிவிட்டு, பிறகு பில் அனுப்பி வாங்கவேண்டும். அதற்கு ஒன்றிரண்டு மாதம் ஆகும், முழுதாகவும் வராது.

பாங்கில் போட்டு வைத்திருந்ததை உடைத்தால் ஒன்றரை மாதச் சம்பளம் தேறும். மிச்சம் மூன்று மாதச் சம்பளம்.

தம்பிக்குப் போன் பண்ண எடுத்தார். அவன் போன மாதம்தான் பெரிய பெண்ணைக் கல்லூரியில் சேர்த்திருந்தான். கேட்டால் கொடுக்க முயல்வான். அவன் மனைவியின் வளையல் அடகுக்குப் போகும். ஒரு வருடம் ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்த வளையல் போனுக்குள் குலுங்கும். போனை வைத்துவிட்டார்.

அன்று மாலையே சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து கடிதம் எழுதினார். தலையைச் சாய்த்து, இடது கையால் இடது கண்ணை மூடிக்கொண்டு எழுதினார். முதல் நகலில் "தாங்கள் கருணை உள்ளம் கொண்டு", "யாருமற்ற எனக்கு", "தங்கள் காலடியில்" என்றெல்லாம் வந்துவிட்டது. அப்படித்தான் எழுதுவார்கள் என்று கை தானாக எழுதியிருந்தது. வேலையில் பிழை திருத்துகிறமாதிரி சிவப்புப் பேனாவை எடுத்து ஒவ்வொன்றாக அடித்தார். யாருமற்ற எனக்கு என்பதை அடிக்கும்போது மட்டும் பேனா கொஞ்சம் நின்றது. உண்மைதான், ஆனால் கம்பெனிக்கு அது தேவையில்லை என்று அடித்துவிட்டார்.

அடித்தது போக மிஞ்சியதைத் திருத்தி எழுதினார். அது இப்படி இருந்தது:

"பொருள்: கண் அறுவை சிகிச்சைக்காகச் சம்பள முன்பணம் கோருதல்.

ஐயா, நான் தரச் சோதனைப் பிரிவில் பத்தொன்பது ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். என் இடது கண்ணில் விழித்திரை பிரிந்துவருவதாகத் திங்கள்கிழமை கண்டறியப்பட்டது. புதன்கிழமை காலை அறுவை சிகிச்சை செய்யவேண்டும் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்த சான்று இணைப்பு ஒன்று. மருத்துவமனையின் செலவு மதிப்பீடு இணைப்பு இரண்டு. அது நான் கையில் பெறும் சம்பளத்தில் நாலரை மாதத்துக்குச் சமம். ஒன்றரை மாதத்துக்கு உரியது என்னிடம் உள்ளது. மூன்று மாதத்துக்கு உரியதை முன்பணமாகக் கேட்கிறேன்.

விதி பதினான்கின்படி முன்பணம் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் போகக்கூடாது என்பதை அறிவேன். அந்த இரண்டு மாதத் தொகையை, நான் வேலைக்குத் திரும்பியபின் வரும் முதல் முழுச் சம்பளத்திலிருந்து, மாதம் மூன்றில் ஒரு பங்காக ஆறு மாதங்களில் பிடித்துக்கொள்ளலாம். மூன்றாவது மாதத் தொகையை, வரவேண்டிய காப்பீட்டுப் பணத்தின் பேரில் தரக் கேட்கிறேன். அந்தப் பணம் வந்ததும் நிறுவனமே நேராக எடுத்துக்கொள்ளச் சம்மதக் கடிதம் இணைப்பு மூன்று. குறைந்து வந்தால் குறைவதை ஏழாவது மாதச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாம்.

ஆறு வார விடுப்பு தேவைப்படும். என் கணக்கில் இருபத்தெட்டு நாள் விடுப்பு உள்ளது. மீதி நாட்களுக்குச் சம்பளம் கேட்கவில்லை. மறுபடியும் சோதனை மேஜையில் என்னால் வேலை செய்ய முடியுமா என்பதை ஆறு வாரத்துக்குப் பிறகு மருத்துவர் தரும் சான்றை வைத்து முடிவு செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கடைசியாக ஒன்று. கடந்த புதன்கிழமையே இந்தக் கண்ணில் கறுப்புப் பொட்டுகள் தெரிந்தன. வியாழன், வெள்ளி இரண்டு நாளும் அதே கண்ணோடுதான் சோதித்தேன். அன்று நான் கையெழுத்திட்ட நான்கு லாட்டுகளையும் வேறொருவரைக் கொண்டு மறுபடி சோதிக்கவேண்டும். முன்பணம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் இது செய்யப்படவேண்டியது."

கீழே நான்கு லாட் எண்களையும் எழுதினார்.

செவ்வாய்க்கிழமை காலை அலுவலகம் திறந்ததும் பெர்சனல் ஆபீசரின் அறைக்குப் போனார். முப்பது வயதைத் தாண்டாத பையன். நல்லவன்தான், ஆனால் எதையும் கம்ப்யூட்டரைப் பார்த்துத்தான் சொல்வான். கடிதத்தைப் படித்தான்.

"மூணு மாசம் வராதுங்க மேடம். ரூல் ரெண்டு மாசம்தான். இன்சூரன்ஸ் பேர்ல அட்வான்ஸ்னு ஒண்ணு நம்மகிட்ட கிடையாதே."

"இருக்கு. விதி பதினாலு, உட்பிரிவு இ. 'காப்பீட்டுத் தொகை வரவிருக்கும் நேர்வுகளில், பொது மேலாளர் ஒப்புதலுடன், ஒரு மாதச் சம்பளம் வரை.'"

"மனப்பாடமா சொல்றீங்களே."

"அந்த ரூல் புத்தகம் நம்ம பிரஸ்லதான் அச்சாச்சு. புரூஃப் நான்தான் பாத்தேன். அந்த எடத்துல 'காப்பீட்டு'க்குப் பின்னால 'த்' விட்டுப்போயிருந்தது."

அவன் அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்துப் புரட்டினான். இருந்தது. லேசாகச் சிரித்தவன், கடிதத்தின் கடைசிப் பத்திக்கு வந்ததும் சிரிப்பை நிறுத்தினான். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தான்.

"மேடம், நான் சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. இந்தக் கடைசிப் பாராவ எடுத்துடுங்க. இத ஜி.எம். பாத்தா பேச்சு வேற மாதிரி போயிடும். மெமோ கிமோன்னு ஆயிடும். பணம் கைக்கு வரட்டும். அப்புறமா தனியா எழுதிக் குடுங்க."

"அப்புறம் குடுத்தா, பணம் வாங்கற வரைக்கும் வாய மூடிட்டு இருந்தேன்னு ஆயிடும்."

"யார் சொல்லப்போறா?"

"நானே சொல்லிப்பேனே தம்பி." கொஞ்சம் நிறுத்தி, "அதுல ரெண்டு லாட்டு இன்னிக்கு மத்தியானம் லாரில ஏறுது. ஒண்ணு கொழந்தைங்க சிரப்பு" என்றார்.

அவன் கடிதத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். கால் மணி நேரம் கழித்து அவரையும் கூப்பிட்டார்கள்.

ஜி.எம். அறுபதை நெருங்குகிறவர். கடிதம் அவர் எதிரே மேஜையில் இருந்தது. ஏற்கனவே லோடிங் பகுதிக்குப் போன் பண்ணி லாரியை நிறுத்தச் சொல்லியிருந்தார். அந்தக் கோபம் முகத்தில் இருந்தது.

"புதன்கிழமையே கண்ணுல பொட்டு தெரிஞ்சிருக்கு. வியாழக்கிழமை ஏன் சொல்லல?"

"பயமா இருந்தது சார்."

"என்ன பயம்?"

"வேலை போயிடும்னு."

அவர் இந்தப் பதிலை எதிர்பார்க்கவில்லை. சாக்கு ஏதாவது வரும், அதைப் பிடித்துக்கொண்டு நாலு வார்த்தை திட்டலாம் என்றுதான் இருந்தார் போலிருக்கிறது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீங்க செஞ்சது தப்புதான். அதுக்குத் தனியா லெட்டர் வரும், நீங்க பதில் எழுதணும்."

"எழுதறேன் சார்."

"இதுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல." கடிதத்தின் ஓரத்தில் இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். "ரெண்டு மாசம் சம்பள அட்வான்ஸ், ஒரு மாசம் இன்சூரன்ஸ் பேர்ல. ஜாமீன் கையெழுத்து ஒண்ணு வேணும். அஞ்சு வருஷத்துக்கு மேல சர்வீஸ் இருக்கற பர்மனென்ட் ஆளா இருக்கணும். மூணு மணிக்குள்ள கேஷியர்கிட்ட குடுத்தா இன்னிக்கே போயிடும். அதுக்கப்புறம் பாங்க் கணக்கு நாளைக்குத்தான்."

ஜாமீன் விதியும் அவர் புரூஃப் பார்த்ததுதான். விதி பதினைந்து. எப்படியோ மறந்துபோயிருந்தது. மறந்ததா, நினைக்க விரும்பவில்லையா என்பது அவருக்கே தெரியாது. இந்தக் கட்டடத்தில் தனக்காகக் கையெழுத்துப் போடுகிறவர் யார் என்று யோசித்தபடியே படி இறங்கினார். இருநூற்றுப் பத்துப் பேர் வேலை செய்யும் இடம். ஒரு முகமும் நினைவுக்கு வரவில்லை.

முதலில் தன் பிரிவின் இன்சார்ஜிடம் போனார். அவர் வருத்தப்பட்டார், உண்மையாகவே. "நான் ஏற்கனவே ரெண்டு பேருக்குப் போட்டிருக்கேன் மேடம். மூணாவது ஆளுக்கு ரூல் இடம் குடுக்காது" என்றார். அதுவும் சரிதான். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒண்ணு பண்ணலாம். ஒரு டப்பாவ எடுத்துட்டு நானே எல்லா செக்ஷனுக்கும் போறேன். ஆளுக்குக் கொஞ்சம் போட்டாலும் ஒரு தொகை சேருமே" என்றார்.

"வேண்டாம் சார்."

"இதுல என்ன இருக்கு? எல்லாருக்கும் பண்றதுதான்."

"நான் கேட்டது என் சம்பளத்த. நாளைக்கு உழைச்சு வாங்கப்போறத இன்னிக்குக் கேக்கறேன். அது வேற, இது வேற." சொல்லும்போது குரல் கொஞ்சம் கடினமாகிவிட்டது. இன்சார்ஜ் தலையை ஆட்டிக்கொண்டு திரும்பிவிட்டார். உதவ வந்தவரையும் முறைத்து அனுப்பியாயிற்று என்று அவருக்கே தோன்றியது.

சோதனை அறையில் நான்கு லாட்டுகளையும் பிரித்துப் போட்டிருந்தார்கள். நான்கு பேர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவரைப் பார்த்ததும் பேச்சு நின்றது. கட்டிங் ஆபரேட்டரும் அங்கே கட்டுகளைத் தூக்கிக் கொடுத்துக்கொண்டு நின்றார். ஐம்பது வயது, உரத்த குரல். கழுகு என்று பேர் வைத்ததே அவர்தான் என்று ஒரு பேச்சு உண்டு. எத்தனையோ முறை அவருடைய அட்டைகளை வெட்டு ஓரம் பிசிறடிக்கிறது என்று இந்த அம்மா திருப்பி அனுப்பியிருக்கிறார். பதினோரு வருடத்தில் "இது ஆகாது", "ஏன் ஆகாது" என்பதைத் தாண்டி இருவரும் பேசியதே இல்லை.

"பதினேழு பெட்டி வந்துச்சு மேடம்" என்றார் ஆபரேட்டர். "சிரப்புப் பெட்டிலதான். அளவு எழுதின எடத்துல மை இழுத்திருக்கு. மத்த மூணு லாட்டும் சுத்தம்."

அவர் ஒரு பெட்டியை வாங்கி வலது கண்ணருகே பிடித்துப் பார்த்தார். ஐந்து என்ற எண்ணின் மேல் மெல்லிய மைக்கோடு. குழந்தைக்கு எத்தனை மில்லி என்பதில். பெட்டியை மேஜையில் வைத்தார்.

"ஜாமீனுக்கு ஆள் தேடறீங்களாமே" என்றார் ஆபரேட்டர்.

இன்சார்ஜ் சொல்லியிருக்க வேண்டும். "ஆமா" என்றார்.

"என்னைக் கேக்க மாட்டீங்களா?"

ஆபரேட்டர் கையை வேஸ்ட் துணியில் துடைத்துக்கொண்டார்.

"பதினோரு வருஷமா எஞ்சரக்கத் தூக்கி மூஞ்சில வீசிட்டிருந்தீங்க. என்னிக்காவது இந்தம்மாவோட சரக்கு திரும்பி வரும், அன்னிக்கு நாலு கேள்வி கேக்கணும்னு நெனச்சிருந்தேன். கடைசில நீங்களே திருப்பி அனுப்பிட்டீங்க. இனிமே நான் என்னத்தக் கேக்கறது? பேப்பரக் குடுங்க."

கட்டை விரலில் மை இருந்ததால் காகிதத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். கீழே தன் பணி எண்ணையும் எழுதினார்.

"நான் கட்டாம விட்டா உங்க சம்பளத்துல பிடிப்பாங்க. தெரியுமில்ல?" என்றார் அவர்.

"நீங்க விட்டுட்டு எங்க போவீங்க? ஓடறதா இருந்தாலும் நோட்டீஸ் குடுத்துட்டுத்தான் ஓடுவீங்க."

சோதனை மேஜையில் இருந்த ஒருவர் சிரித்தார். இவருக்கும் சிரிப்பு வந்தது. நன்றி என்று சொல்ல வாயெடுப்பதற்குள் ஆபரேட்டர் அடுத்த கட்டைத் தூக்கப் போய்விட்டார்.

மூன்று மணிக்கு இருபது நிமிடம் இருக்கும்போது கேஷியரிடம் காகிதம் போய்ச் சேர்ந்தது. பணத்தைத் தன் கணக்கில் போடவேண்டாம், மருத்துவமனைக் கணக்குக்கே அனுப்பிவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். கேஷியர் ஏன் என்று கேட்டார். "கைல வாங்கினா பயத்துல வேண்டாம்னு முடிவு பண்ணிடுவேன்" என்றார். அவர் விளையாட்டுக்குச் சொல்வதாகக் கேஷியர் நினைத்துக்கொண்டார்.

மருத்துவமனையில் கூட இருக்க ஆள் வேண்டுமே. கூலிக்கு நர்ஸ் உதவியாட்கள் அனுப்பும் இடம் ஒன்றிலிருந்து இரண்டு நாளுக்கு ஒரு பெண்ணை ஏற்பாடு செய்தார். புதன்கிழமை காலை ஆறு மணிக்கு அந்தப் பெண் பையோடு வந்து நின்றாள். அவளுக்கு நாற்பது வயது இருக்கும். படிவத்தில் நோயாளிக்கு என்ன உறவு என்ற கட்டத்தில் பேனா நின்றது. கவுன்ட்டரில் இருந்தவர், "என்ன வேணும் நீங்க அவங்களுக்கு?" என்று கேட்டார்.

அந்தப் பெண் இவரைப் பார்த்தாள். பிறகு, "தங்கச்சின்னு போட்டுக்கங்க. வெறுமனே விட்டா இவங்க விடமாட்டாங்க" என்றாள்.

தங்கச்சி என்றே எழுதினார்கள். இரண்டு நாள், சொட்டு மருந்து விட்டு, கை பிடித்துக் கழிவறைக்குக் கூட்டிப்போய், கஞ்சி கொடுத்து, கூலியை வாங்கிக்கொண்டு அந்தத் தங்கச்சி அடுத்த வீட்டுக்குப் போனாள்.

அதற்கப்புறம் ஐந்து நாள் தனியாகத்தான். மருத்துவமனையில் வாடகைக்குக் கொடுத்த, நடுவில் வட்டமாகத் துளை போட்ட தலையணையில் முகத்தைக் கவிழ்த்து, தரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் எழுந்துகொள்ளலாம். அந்தப் பத்து நிமிடத்தில் சோறு வடிப்பார், சாப்பிடுவார், சொட்டு மருந்தைத் தானே விட்டுக்கொள்வார். பாதி கன்னத்தில் வழியும். டைல்ஸ் தரையில் எத்தனை விரிசல், எது எங்கே கிளை பிரிகிறது என்பதெல்லாம் மனப்பாடம் ஆனது. இடது கண் தண்ணீருக்குள் திறந்த மாதிரி இருந்தது. தலையை அசைத்தால் குமிழியின் விளிம்பு குலுங்கியது. தெருவில் யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடும்போதெல்லாம் ஒரு கணம் காதைத் தீட்டிக்கொண்டார். தன்னையல்ல என்று தெரிந்தபிறகு மறுபடியும் தரை.

ஞாயிற்றுக்கிழமை தம்பி கூப்பிட்டான். குரலை வைத்துக் கண்டுபிடித்துவிட்டான்.

"ஏங்கா, மூக்கடைச்ச மாதிரி பேசற?"

"குப்புறப் படுத்திருக்கேன்."

"எதுக்கு?"

சொன்னார். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே" என்றான். "சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பே?" என்றார். குத்திக்காட்டவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அவன், "வந்திருப்பேன்க்கா. பணம் இல்லாட்டியும் வந்திருப்பேன்" என்றான்.

பணத்தைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்ததில் இது அவருக்குத் தோன்றவே இல்லை. தரையில் முகத்தைக் கவிழ்த்தபடி அழுதால் கண்ணுக்கு ஆகுமோ ஆகாதோ என்று பயந்து அடக்கிக்கொண்டார். அடுத்த சனிக்கிழமை அவன் வந்தான். குப்புறக் கிடக்க வேண்டிய நாட்கள் அதற்குள் முடிந்திருந்தன. ஒரு நாள் இருந்து, ஒரு வாரத்துக்குக் காய்கறி வாங்கிப்போட்டு, குழாயின் ஒழுக்கைச் சரி செய்துவிட்டுக் கிளம்பினான்.

விழித்திரை ஒட்டிக்கொண்டது. ஆனால் அந்தச் செவ்வாய், புதன் நடுவில் மையத்தின் ஓரம் கொஞ்சம் தூக்கிவிட்டிருந்ததாம். ஆறு வாரம் கழித்து டாக்டர் கட்டம் போட்ட அட்டையைக் காட்டியபோது, வலது கண்ணுக்கு எல்லாக் கோடும் நேராக இருந்தது. இடது கண்ணுக்கு நடுவில் இரண்டு கோடு நெளிந்தது. "ரெண்டு கண்ணாலயும் பாத்தா தெரியாது. போகப்போகக் கொஞ்சம் சரியாகும், முழுசா ஆகாது" என்றார் டாக்டர். "முதல் நாளே வந்திருந்தா?" என்று கேட்க நினைத்தார். கேட்கவில்லை.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள் அவரே ஜி.எம்மைப் பார்த்து, வேகமாகப் பார்த்து முடிக்கவேண்டிய சோதனை மேஜை இனி தனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மேலிடத்திலிருந்து வந்த எச்சரிக்கைக் கடிதத்துக்கும் பதில் எழுதிக் கொடுத்தார். மாதிரி அறையில் போட்டார்கள். அடித்த ஒவ்வொரு லாட்டிலிருந்தும் சில பெட்டிகளைத் தேதி போட்டு ஐந்து வருடம் பாதுகாக்கும் அறை அது. சம்பளம் அதே, ஷிப்ட் படி மட்டும் இல்லை. ஜன்னலும் இல்லை. அதிகம் யாரும் வராத இடம்.

ஆறு மாதம் சம்பளச் சீட்டில் "முன்பணம் பிடித்தம்" என்ற வரி வந்தது. அந்த ஆறு மாதமும் கொஞ்சம் வயிற்றைக் கட்டித்தான் ஓட்டினார். காப்பீட்டுப் பணம் மூன்றாவது மாதத்தில் வந்தது, எதிர்பார்த்ததைவிட நிறையவே குறைத்து. கம்பெனி தன் பங்கை எடுத்துக்கொண்டு, மிஞ்சிய சொற்பத்தை அவர் கணக்கில் போட்டது. ஏழாவது மாதச் சீட்டில் அந்த வரி இல்லை. ஜாமீன் காகிதத்தை ரத்து செய்து வாங்கிக்கொண்டு கட்டிங் பகுதிக்குப் போனார்.

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஆபரேட்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "முடிஞ்சுதா?" என்று சத்தத்துக்கு மேலே கேட்டார்.

"முடிஞ்சுது."

"கண்ணு?"

"பரவால்ல. இடது கண்ணால மட்டும் பாத்தா நீங்க கொஞ்சம் வளைஞ்சு தெரியறீங்க."

"நான் வளைஞ்ச ஆளுதான்னு உங்க செக்ஷன்லயே சொல்லுவாங்களே" என்றார் அவர். காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மெஷின் பக்கம் திரும்பினார். இன்னும் ஏதாவது பேசுவாரோ என்று இவர் கொஞ்சம் நின்றார். மெஷின் சத்தத்தில் எதுவும் பேசமுடியாது என்பது தெரிந்துதான் நின்றார். பிறகு மாதிரி அறைக்குப் போய், அன்று வந்த பெட்டிகளுக்குத் தேதி போட ஆரம்பித்தார்.